ஸ்கேன் நார்மல், ஆனா கால் தூக்க முடியல: ஸ்ட்ரோக்கா, ஃபிட்ஸா, வேற ஏதாவதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

நியூரோ வார்டுல பிசியோவா வேலை பாக்குறேன், வருஷக்கணக்கா. அங்க நான் ரொம்ப வெறுக்குற ஒரு வாக்கியம் உண்டு, "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் நார்மல், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க". டாக்டர் நல்ல சேதி சொல்றதா நெனச்சுதான் சொல்லுவாரு, ஆனா பெட்ல படுத்திருக்குறவருக்குக் கால் இன்னும் வரல, பக்கத்துல நிக்கிற சொந்தக்காரங்க காதுல "அப்போ நடிக்கிறான்"னு விழும், அன்னைலேருந்து வீட்ல அவரு பேச்சுக்கு மரியாதையே இருக்காது.

ஸ்கேன் நார்மல்ங்கிறது ஒரு நோயோட பேரு கிடையாது, இது இல்ல அது இல்லன்னு சொல்ற தகவல் மட்டும்தான். நரம்புலயோ மூளையிலயோ சேதம் எதுவும் இல்லாம கை கால் வேலை செய்யாமப் போற ஒரு நிலை நெசமாவே இருக்கு, அதுக்கு ஃபங்ஷனல் வீக்னஸ்னு பேரு, வலிப்பு மாதிரி வந்தா டிசோசியேட்டிவ் சீஷர்னு சொல்லுவாங்க. இத "வேற எதுவும் கிடைக்கல, அதனால இதுவாத்தான் இருக்கும்"னு முடிவு பண்றதில்ல, அப்படிப் பண்ணக்கூடாது. நோயாளி உடம்புலயே இதுக்குன்னு அடையாளங்கள் இருக்கு, அதத் தேடிக் கண்டுபிடிக்கணும். அதுல கால் சம்பந்தப்பட்ட ஒண்ணத்தான் இங்க முக்கியமா சொல்லப்போறேன், அப்புறம் ஃபிட்ஸ் பத்தி.

ஒரு ஆள வச்சே சொல்றேன் (அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரமெல்லாம் மாத்தியிருக்கேன்). 36 வயசு, பார்சல் டெலிவரி பண்றவரு. ரெண்டு நாள் முன்னாடி வண்டி சறுக்கி இடது கணுக்கால் சுளுக்கிருக்கு, பெருசா ஒண்ணுமில்ல, லேசான வீக்கம். அன்னைக்குக் காலைல ஆறரைக்கு எந்திரிக்கிறாரு, இடது கால் மரக்கட்டை மாதிரி கெடக்கு, இடது கையும் ஒரு மாதிரி கனமா இருக்கு. அவங்க அம்மா "ஐயோ ஒரு பக்கம் விழுந்துடுச்சே"ன்னு கத்தி, ஆட்டோ புடிச்சு கூட்டிட்டு வந்துட்டாங்க. அந்தம்மா செஞ்சது நூத்துக்கு நூறு சரி. இந்தக் கட்டுரையப் படிச்சிட்டு வீட்ல உக்காந்து யாரும் டெஸ்ட் பண்ணிட்டு இருக்காதீங்க, திடீர்னு ஒரு பக்கம் கை கால் வரலன்னா, வாய் கோணினா, பேச்சு குழறினா அது ஸ்ட்ரோக்குன்னே வச்சுக்கிட்டு 108க்கு அடிக்கணும், ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசி வழக்கமா நாலரை மணி நேரத்துக்குள்ள போடுறது, அந்த நேரத்த யாரும் திருப்பித் தர முடியாது.

எமர்ஜென்சில டாக்டருங்க முதல்ல கேட்டது "எப்போ ஆச்சு"ன்னு இல்ல, "கடைசியா நல்லா இருந்தது எப்போ"ன்னு. ராத்திரி பதினொரு மணிக்கு நல்லா நடந்து போய் படுத்தாரு, அப்போ கணக்கு பதினொண்ணுலேருந்துதான் ஆரம்பிக்கும், எந்திரிச்ச நேரத்துலேருந்து இல்ல. விரல்ல குத்தி சுகர் பாத்தாங்க, ஏன்னா சுகர் ரொம்ப இறங்குனாலும் அச்சு அசலா ஸ்ட்ரோக் மாதிரியே ஒரு பக்கம் விழும், குளுக்கோஸ் ஏத்துனா சரியாயிடும். அப்புறம் சிடி. சிடி எடுக்குறது முக்கியமா மூளைல ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்கத்தான், அடைப்பு வந்து மொத சில மணி நேரத்துக்கு சிடில ஒண்ணுமே தெரியாமப் போகலாம், அதனால சிடி நார்மல்ங்கிறத வச்சு ஸ்ட்ரோக் இல்லன்னு சொல்லவே முடியாது. எம்ஆர்ஐல டிஃப்யூஷன்னு ஒரு வகைப் படம் இருக்கு, அதுல புது அடைப்பு வெள்ளையாப் பளிச்சுன்னு தெரியும். இவருக்கு அதுலயும் எதுவும் இல்ல. ஆனா அதுவும் கடவுள் வாக்கு இல்லீங்க, மூளையோட பின்பக்கம், தண்டுப்பகுதில வர்ற சின்ன அடைப்பு மொத நாள் எம்ஆர்ஐல சில சமயம் தப்பிச்சுடும். அதனாலதான் மெஷின் என்ன சொன்னாலும் கடைசில ஒருத்தர் பெட் பக்கத்துல வந்து நின்னு காலத் தொட்டுப் பாத்தே ஆகணும்.

எங்க நியூரோ மேடம் வந்தப்ப நானும் கூட நின்னேன். மொத வேலையா "எந்திரிச்சு நாலு அடி நடங்க, நான் புடிச்சுக்குறேன்"னாங்க. அவரு நடந்தாரு, அத நடைன்னு சொல்ல முடியாது, நல்ல கால முன்னாடி வச்சுட்டு இடது கால அரிசி மூட்டைய இழுக்குற மாதிரி பின்னாடியே இழுத்துட்டு வந்தாரு, பாதத்தோட முன்பக்கம் தரைய விட்டு எழும்பவே இல்ல, கால் மொத்தமா வெளிப்பக்கம் திரும்பிக் கெடந்துச்சு. ஸ்ட்ரோக் வந்து கொஞ்ச நாளான ஆள் இப்படி நடக்க மாட்டாரு. அவரு கால் விறைச்சுப் போயிருக்கும், முட்டி மடங்காது, அதனால இடுப்புலேருந்து கால அரை வட்டமா வீசி முன்னாடி கொண்டு வருவாரு, கதிர் அறுக்குற அரிவாள் போற மாதிரி. கால் முன்னாடி வந்துடும், சுத்திக்கிட்டு வரும், அவ்ளோதான். இழுத்துக்கிட்டு பின்னாடியே வர்றது வேற கதை. இது சந்தேகத்த ஆரம்பிச்சு வைக்கிற அடையாளம், தீர்ப்பு கிடையாது.

அடுத்து படுக்க வச்சாங்க. இங்கதான் விஷயமே இருக்கு.

மேடம் அவரோட இடது குதிகாலுக்கு அடில தன் உள்ளங்கைய வச்சாங்க. "இந்த இடது கால மெத்தைல நல்லா அழுத்துங்க, என் கைய நசுக்குற மாதிரி." அவரு முகமெல்லாம் சுருங்க முயற்சி பண்றாரு, நெத்தில வேர்வை, ஆனா கைல ஒண்ணும் விழல. சரின்னு விட்டுட்டாங்க. கைய அங்கேயே வச்சுக்கிட்டு, இன்னொரு கைய அவரோட வலது தொடை மேல வச்சு, "இப்போ இடதுகால மறந்துடுங்க, வலது கால மேல தூக்குங்க, நான் கீழ அழுத்துவேன், விடாம தூக்குங்க"ன்னாங்க. அவரு வலது காலத் தூக்க, அந்த நேரம் இடது குதிகால் தானா மெத்தைல அழுந்துச்சு. நல்லா அழுந்துச்சு. மேடம் என் கையப் புடிச்சு அங்க வச்சாங்க, கைய உருவ முடியாத அளவு பலம்.

இதுக்கு ஹூவர் சைன்னு பேரு. அமெரிக்கால கிளீவ்லேண்ட்ல இருந்த சார்லஸ் ஹூவர்ங்கிற டாக்டர் 1908ல எழுதுனது, நூறு வருஷம் தாண்டியும் இதுக்கு ஒரு மெஷினும் வேண்டியதில்ல, ஒரு கை இருந்தாப் போதும். இது எப்படி வேலை செய்யுதுன்னு புரியணும்னா இப்பவே நீங்க செஞ்சு பாக்கலாம். பாய்ல மல்லாந்து படுங்க, வீட்ல யாரையாவது உங்க வலது குதிகாலுக்கு அடில கைய வைக்கச் சொல்லுங்க, நீங்க இடது கால முட்டிய மடக்காம மேல தூக்குங்க. உங்க வலது குதிகால் அவங்க கைய அழுத்தும். நீங்க அழுத்தணும்னு நெனக்கவே இல்ல. ஒரு கால் மேல போகணும்னா உடம்பு இன்னொரு காலக் கீழ ஊன்றிக்கும், இல்லன்னா இடுப்பு புரண்டுடும், இந்த ஏற்பாட நாம யோசிச்சுப் பண்றதில்ல, அது தன்னால நடக்குது.

இப்போ ஸ்ட்ரோக்குல என்ன ஆகும்? மூளைலேருந்து காலுக்குப் போற வயரே அறுந்து போச்சு. நீங்க வேணும்னு அழுத்துனாலும் வராது, நல்ல காலத் தூக்குனாலும் தானா வராது, ரெண்டு வழியும் அந்த அறுந்த வயர் வழியாத்தானே வரணும். ஃபங்ஷனல்ல வயர் முழுசா இருக்கு, தசை இருக்கு, பலம் இருக்கு, "அழுத்து"ன்னு நேரா கட்டளை போட்டா மட்டும் அந்தக் கட்டளை போய்ச் சேர மாட்டேங்குது. கவனத்த வேற கால் பக்கம் திருப்புனா அதே தசை ஒழுங்கா வேலை செய்யுது. சேதமான நரம்பால இந்த வித்தைய காட்டவே முடியாது, அதனாலதான் இது "ஒண்ணும் கிடைக்கல"ங்கிற முடிவு இல்ல, கைல புடிச்சுப் பாத்த ஒரு ஆதாரம்.

கைக்கும் இது மாதிரி ஒண்ணு உண்டு, சுருக்கமாச் சொல்லிடுறேன். ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி உள்ளங்கை வானத்தப் பாக்குற மாதிரி வச்சு, கண்ண மூடி பத்து செகண்ட் நிக்கச் சொல்லுவாங்க. ஸ்ட்ரோக் வந்த கை கீழ இறங்குறப்ப உள்ளங்கை உள்பக்கமா திரும்பிக்கிட்டே இறங்கும். ஃபங்ஷனல்ல கை திரும்பாமலே அப்படியே லிஃப்ட் மாதிரி இறங்கும். நம்மாளுக்கு அப்படித்தான் இறங்குச்சு. உள்ளங்காலக் கீறிப் பாத்தாங்க, கட்டை விரல் மேல போனா மூளை, தண்டுவடம் சம்பந்தப்பட்ட சேதத்துக்கு அடையாளம், இவருக்கு விரல் ஒழுங்கா கீழ மடங்குச்சு.

ஹூவர் சைன் பத்தி ரொம்ப ஆசையாப் பேசிட்டேன், அது எங்க சறுக்கும்னும் சொல்லணும்ல. இடுப்புல வலி இருந்தா "அழுத்து"ன்னு சொன்னா வலிக்குப் பயந்து அழுத்த மாட்டாங்க, ஆனா கவனம் மாறுனா அழுந்திடும், அது ஃபங்ஷனல் இல்ல, வெறும் வலி. மூளையோட வலது பக்கம் ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம்னு ஒண்ணு இருக்குறதையே மறந்துட்டவங்களுக்கும் இது ஏமாத்தும். ஃபங்ஷனல் வீக்னஸ் இருக்குற எல்லாருக்கும் இந்த அடையாளம் கிடைக்கவும் கிடைக்காது, கிடைக்கலன்னா அதனால ஸ்ட்ரோக்னு அர்த்தம் இல்ல. முக்கியமா, ஒருத்தருக்கு ரெண்டுமே சேர்ந்து இருக்கலாம், நெசமான சின்ன ஸ்ட்ரோக் ஒண்ணு, அதுக்கு மேல ஃபங்ஷனல் ஒண்ணு. நான் பாத்திருக்கேன், ஸ்ட்ரோக்கால இருபது பங்கு வீக்னஸ் இருக்குற கால் எண்பது பங்கு வீக்கா நடந்துக்கும். அதனால ஒரே அடையாளத்த வச்சு யாரும் முத்திரை குத்த மாட்டாங்க, நடை, கால், கை, விரல்னு நாலஞ்சு ஒண்ணா ஒரே பக்கம் கைகாட்டணும்.

"அப்போ நடிக்கிறான்னுதானே இந்த டெஸ்ட் சொல்லுது?" இத என்கிட்ட ட்ரெய்னிங் வர்ற புள்ளைங்களே கேக்கும். இல்ல. ஹூவர் சைன் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், நரம்புப் பாதை நல்லா இருக்கு. வேணும்னு பண்றாரா, அவரையறியாம நடக்குதான்னு அந்த டெஸ்ட்டுக்குத் தெரியாது. அத வேற விதமாத்தான் பாக்கணும், இவரோட விஷயத்துல பாருங்க, வண்டி ஓட்டலன்னா அன்னைக்குக் கூலி இல்ல, யாரும் பாக்காத நேரத்துலயும் கால் அப்படியேதான் இருக்கு, ராத்திரி பாத்ரூம் போக தவழ்ந்து போயிருக்காரு. எதுக்கு நடிக்கணும்?

பேங்க்ல நடக்குற ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும். தெனமும் போடுற கையெழுத்துதான், ஆனா கவுண்டர்ல அந்தம்மா "கையெழுத்து மேட்ச் ஆகல, இன்னொரு தடவ போடுங்க"ன்னு சொல்லிட்டு நம்ம கையவே பாத்துக்கிட்டு இருந்தா, ரெண்டாவது தடவ இன்னும் கோணலா வரும், மூணாவது தடவ நம்ம கையெழுத்தே நமக்கு மறந்து போகும். கைக்கு ஒரு நோயும் இல்ல, நாமளும் நடிக்கல. தன்னால நடந்துட்டிருந்த ஒரு வேலைல கவனம் உள்ள பூந்து கெடுத்துடுச்சு. ஃபங்ஷனல் வீக்னஸ் இதோட ரொம்பத் தீவிரமான, விடாம ஒட்டிக்கிட்ட வடிவம்னு வச்சுக்கலாம். கணுக்கால் சுளுக்குனப்ப அந்தக் கால் மேல கவனம் போச்சு, "இந்தக் கால் வராது"ங்கிற ஒரு எதிர்பார்ப்பு மூளைல பதிஞ்சுடுச்சு, அப்புறம் தூக்கணும்னு முயற்சி பண்றப்பல்லாம் அந்த எதிர்பார்ப்பு ஜெயிக்குது. சின்ன அடி, மைக்ரேன், மயக்க மருந்து குடுத்த ஆபரேஷன், ஒரு பயங்கர படபடப்பு, இப்படி ஏதோ ஒண்ணு ஆரம்பிச்சு வைக்கிறது சகஜம். மனக்கஷ்டம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இந்தக் கடைசி வரி புதுசு. பாரிஸ்ல சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரில ஷார்க்கோங்கிற பெரிய நியூராலஜிஸ்ட் 1870கள், 80கள்ல இந்த மாதிரி நோயாளிங்களக் கூர்ந்து பாத்தாரு, அவருகிட்டப் படிக்க வந்தவருதான் சிக்மண்ட் ஃப்ராய்ட், அவரு இத மனசுக்குள்ள அமுக்குன கஷ்டம் உடம்பு வழியா வெளிய வர்றதுன்னு கொண்டு போயிட்டாரு. அதுக்கப்புறம் ரொம்ப காலம் நியூராலஜிஸ்ட் இது மனசுன்னு கை கழுவிட்டாரு, மனநல டாக்டர் இது கால்னு கை கழுவிட்டாரு. 1965ல லண்டன்ல எலியட் ஸ்லேட்டர்ங்கிற மனநல டாக்டர், இதுக்கு அப்போ இருந்த ஹிஸ்டீரியாங்கிற பேர்ல முத்திரை குத்துன நெறைய பேருக்குப் பின்னாடி வேற நெசமான நோய் வெளிய வந்துச்சுன்னு காட்டி எல்லாரையும் பயமுறுத்துனாரு, அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனா 2005ல பழைய ஆராய்ச்சியெல்லாம் சேத்துப் பாத்தப்ப 1970கள்லேருந்து இப்படி நோயத் தப்பாக் கணிக்கிறது நூத்துக்கு நாலு பேர் அளவுல இருக்குன்னு வந்துச்சு. 2013ல வந்த அமெரிக்க மனநலக் கையேடு, மனக்கஷ்டம் இருந்தே ஆகணும்ங்கிற விதிய எடுத்துட்டு, அதுக்குப் பதிலா நோயாளி உடம்புல ஹூவர் மாதிரி, நரம்பு நோயோட பொருந்தாத அடையாளம் இருக்கணும்னு வச்சுடுச்சு. எனக்கு இது பெரிய நிம்மதி, "வீட்ல ஏதாவது பிரச்சனையா"ன்னு துருவித் துருவிக் கேட்டு, பிரச்சனை எதுவும் இல்லன்னு சொன்னவங்கள பொய்க்காரங்களாக்குன கூத்தெல்லாம் இனி தேவையில்ல.

சரி, ஃபிட்ஸுக்கு வருவோம். அதே வாரம் பெண்கள் வார்டுல ஒரு காலேஜ் பொண்ணு, 19 வயசு. மூணு வருஷமா வலிப்புன்னு ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கா, அதுல ஒண்ணு வால்ப்ரோயேட், பின்னாடி கர்ப்பம் ஆனா குழந்தைக்கு ஊனம் வர்ற ஆபத்து இருக்குற மாத்திரை, அத ஒரு சின்னப் பொண்ணுக்கு வேற வழி இருக்கான்னு பாக்காம எழுதக்கூடாது. மாத்திரை கூட்டக் கூட்ட ஃபிட்ஸும் கூடுதுன்னு அவங்க அத்தை புலம்புறாங்க. கைல பெரிய இரும்புச் சாவிக்கொத்து ரெடியா வச்சிருந்தாங்க, வந்தவுடனே கைல திணிக்க. இரும்பு குடுத்தா நின்னுடுதுன்னு நம்ம ஊர்ல ஏன் இவ்ளோ உறுதியா நம்புறாங்கன்னா, வழக்கமான பெரிய வலிப்பு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுடும், சாவி தேடி எடுத்துட்டு வர்றதுக்கும் அது நிக்கிறதுக்கும் சரியா இருக்கும். சாவிக்குக் கெடைச்ச புகழ் அப்படி வந்ததுதான்.

இந்தப் பொண்ணுக்கு வார்டுலயே வந்துச்சு, நான் அந்தப் பக்கம் போயிட்டு இருந்தேன். கை கால் ஒத்துப் போகாம ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் அடிக்குது, தல "இல்ல இல்ல"ன்னு சொல்ற மாதிரி ரெண்டு பக்கமும் ஆடுது, ஒரு நிமிஷம் ஓயுது, மறுபடி ஆரம்பிக்குது, மறுபடி ஓயுது. மொத்தம் இருபது நிமிஷம். நர்ஸ் சிஸ்டர் ஓடி வந்து மொத வேலையா முகத்தப் பாத்தாங்க. கண்ணு இறுக்க மூடியிருந்துச்சு, ஓரத்துல கண்ணீர். விரல்ல மாட்டுன ஆக்சிஜன் மெஷின் 98 காட்டுது.

அந்தக் கண்ணுதான் இங்க ஹூவர் சைனுக்குச் சமமான விஷயம். மூளைல மின்சாரப் புயல் அடிக்கிற நெசமான பெரிய வலிப்புல கண்ணு பெரும்பாலும் தொறந்தே இருக்கும், வெறிச்சுப் பாக்கும் இல்லன்னா ஒரு பக்கமா சொருகிக்கும். முழு நேரமும் கண்ணு இறுக்க மூடிக்கிட்டு உடம்பு உதறுனா டிசோசியேட்டிவ் பக்கம் சந்தேகம் சாயும். இன்னொண்ணு நேரம், நெசமான பெரிய வலிப்பு மொதல்ல உடம்பு விறைக்கும், அப்புறம் வெட்டும், வெட்டு போகப் போக மெதுவாகி இடைவெளி கூடி நின்னுடும், நடுவுல ஓய்வெடுத்துட்டுத் திரும்ப வராது. முடிஞ்சதும் கொர்ர்னு குறட்டை மாதிரி பெருமூச்சு, உதடு நீலம், எழுப்புனா குழப்பம். இந்தப் பொண்ணு முடிஞ்சதும் மெதுவா கண்ணத் தொறந்து அழுதா, மூச்சு சாதாரணமாத்தான் இருந்துச்சு.

யூனிஃபார்ம்லயே ஒண்ணுக்குப் போயிட்டா, அதனால நெசமான ஃபிட்ஸ்தான்னு காலேஜ்ல சொல்லியிருக்காங்க. அது செல்லாத ஆதாரம், ரெண்டுலயும் போகும், ரெண்டுலயும் கீழ விழுந்து அடிபடவும் செய்யும். நாக்கு கடிச்சிருக்கான்னா எங்கன்னு கேக்கணும், பக்கவாட்டுல ஆழமா கடிச்சிருந்தா நெசமான வலிப்பு பக்கம் சாயும், நுனில லேசா பட்டிருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது.

இங்கயும் ஒரு குழி இருக்கு, அதுல பெரிய பெரிய ஆளுங்களே விழுந்திருக்காங்க. மூளையோட முன்பகுதிலேருந்து வர்ற வலிப்பு பாக்க ரொம்ப விசித்திரமா இருக்கும், கத்துவாங்க, சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலாட்டுவாங்க, பாக்குறவங்க இது கண்டிப்பா நடிப்புன்னுடுவாங்க. ஆனா அது பெரும்பாலும் தூக்கத்துலேருந்து வரும், ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும், ஒவ்வொரு தடவையும் நகல் எடுத்த மாதிரி ஒரே மாதிரி இருக்கும். சாதாரண மயக்கத்துலயும் சில செகண்ட் உடம்பு வெட்டும், அதயும் ஃபிட்ஸ்னு மாத்திரை ஆரம்பிச்சுடுறாங்க.

அதனால முடிவு சொல்றது வீடியோ ஈஈஜி. மூளை அலையப் பதிவு பண்ண தலைல வயர் ஒட்டி, மேல கேமரா வச்சு, ஃபிட்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கணும், ஒரு நாளோ நாலு நாளோ. சும்மா அரை மணி நேரம் எடுக்குற ஈஈஜி பத்தாது, நெசமான வலிப்பு இருக்குறவங்கள்ல நெறைய பேருக்கு நடுவுல எடுத்தா நார்மலாத்தான் வரும், வலிப்பே இல்லாதவங்களுக்கும் சில சமயம் ஏதோ ஒரு கோடு கோணலா வந்து அத வச்சே வருஷக்கணக்கா மாத்திரை ஓடும். இந்தப் பொண்ணுக்கு ரெண்டாம் நாள் ரெண்டு தடவ வந்துச்சு, அத்தைகிட்ட "வழக்கமா வர்றது இதேதானா"ன்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாங்க, அது ரொம்ப முக்கியம். உடம்பு அவ்ளோ உதறுறப்ப, கண்ணு மூடி கூப்பிட்டா பதில் இல்லாதப்ப, தசை ஆட்டத்துக்கு நடுவுல தெரிஞ்ச மூளை அலை முழிச்சுக்கிட்டு கண்ண மூடி உக்காந்திருக்குறவங்களோட அமைதியான அலை. வலிப்புன்னா அந்த இடத்துல கோடு கோடா மலையும் பள்ளமுமா இருந்திருக்கணும்.

இப்படி முடிவு தெரியறதுக்குள்ள சராசரியா ஏழு வருஷம் ஆயிடுதுன்னு ஜெர்மனில பண்ண ஒரு ஆராய்ச்சில வந்துச்சு. அதுவரைக்கும் மாத்திரை, அதுக்கு மேல இன்னொரு ஆபத்து, இருபது நிமிஷம் உதறலப் பாத்து நிக்காத வலிப்புன்னு நெனச்சு எமர்ஜென்சில ஊசி மேல ஊசி போட்டு, மூச்சு அடங்கி, தொண்டைல ட்யூப் போட்டு ஐசியூக்குப் போனவங்க இருக்காங்க. ஆனா ஒண்ணு, டிசோசியேட்டிவ் இருக்குறவங்கள்ல கொஞ்சப் பேருக்கு நெசமான வலிப்பும் கூடவே இருக்கும், அதனால டாக்டர் சொல்லாம மாத்திரைய யாரும் சொந்தமா நிறுத்திடாதீங்க. வீட்ல வந்தா எதுவா இருந்தாலும் ஒரே மாதிரிதான் பாக்கணும், ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாய்ல எதையும் திணிக்காதீங்க, அஞ்சு நிமிஷம் தாண்டுனா 108. உண்மையா பொய்யான்னு பாக்க நெஞ்சுல குத்துறது, கிள்ளுறது, வெங்காயத்த மூக்குல வைக்கிறதெல்லாம் வேணாம். அதுக்குப் பதிலா ஒருத்தர் போன எடுத்து வீடியோ எடுங்க, மொதல்ல முகம், கண்ணு தெரியுற மாதிரி கிட்டத்துல, அப்புறம் தள்ளி வந்து மொத்த உடம்பு, நிக்கிற வரைக்கும் விடாம. அந்த வீடியோ டாக்டருக்கு நீங்க வாயால சொல்ற கதைய விட பத்து மடங்கு உதவும்.

அந்தப் பொண்ண பேச்சு சிகிச்சைக்கு அனுப்புனாங்க, வரப் போறது தெரியுற அந்த சில செகண்ட்ல என்ன பண்ணணும்னு கத்துக் குடுக்குறது, அது சைக்காலஜிஸ்ட் வேலை, எனக்கு அதுல ஆழம் தெரியாது. என் வேலை நம்ம டெலிவரி அண்ணன்.

மேடம் அவருகிட்ட விஷயத்த சொன்ன விதம் எனக்குப் புடிச்சுது. "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லல. அவரோட கையவே எடுத்து அவரோட இடது தொடைக்கு அடில வச்சு, வலது காலத் தூக்கச் சொன்னாங்க. "தெரியுதா, உங்க கால் அழுத்துது." அவரு கொஞ்ச நேரம் பேசல. "ஆமா மேடம், ஆனா நான் அழுத்தல." "அதேதான். உங்க கால் நல்லா இருக்கு, நீங்க கூப்பிடுற வழிதான் அடைச்சிருக்கு. வேற வழியாக் கூப்பிடப் போறோம், சார் சொல்லித் தருவாரு."

வேற வழின்னா என்ன பண்ணுவேன்? "கால் தூக்குங்க"ன்னு சொல்லவே மாட்டேன். ஸ்ட்ரோக்கா இருந்தா அதத்தான் நூறு தடவ சொல்லி பயிற்சி குடுப்பேன், இங்க அது விஷம். வாக்கரும் சீக்கிரம் குடுக்க மாட்டேன், அது பழகிட்டா விடாது. மொத நாள் கம்பியப் புடிச்சு நிக்க வச்சு ரெண்டு காலுக்கும் வெயிட்ட மாத்தி மாத்தி ஆட வச்சேன், ஊஞ்சல் மாதிரி. அப்புறம் பாதத்துக்கு அடில துணி போட்டு சறுக்கச் சொன்னேன். மூணாம் நாள் வராண்டாவுல பின்னாடி நடக்க வச்சேன், பின்னாடி நடக்குறது யாருக்கும் பழக்கம் இல்லாத வேலை, அதுக்கு "வராது"ங்கிற எதிர்பார்ப்பு இன்னும் பதியல, கூடவே நூறுலேருந்து ஏழேழாக் கழிச்சுக்கிட்டே வரச் சொன்னேன். தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒம்பது, கணக்குல மனசு போயிடுச்சு, இடது கால் ஒழுங்கா எழும்பி எழும்பி வருது, இழுக்கவே இல்ல, பத்து அடி, பன்னெண்டு அடி, மெதுவா முன்னாடி திரும்பச் சொன்னேன், திரும்புனாரு, அப்பவும் நடக்குறாரு.

வராண்டா முனைல ஃப்ளாஸ்க்கோட வந்துட்டிருந்த அவங்க அம்மா இதப் பாத்துட்டாங்க. "டேய், பாத்துடா, கால் பாத்து வை!"

கீழ குனிஞ்சு காலப் பாத்தாரு. அடுத்த அடில கால் மறுபடி இழுத்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் நான் ட்ரெய்னிங் குடுத்தது அந்தம்மாவுக்குத்தான்.